செய்திக்குறிப்பு அனுப்பியும் செய்தி வரவில்லையா? அறிகுறியைப் பார்த்து வரைவைச் சரிசெய்யும் முறை

சில வருடங்கள் ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் துணை ஆசிரியராக இருந்தேன். இப்போது ஊர்ச் சங்கங்கள் பத்திரிகைக்கு அனுப்பும் பிரஸ் ரிலீஸைத் திருத்திக் கொடுக்கிறேன். என்னிடம் வருபவற்றில் பெரும்பாலானவை செய்திக்குறிப்பே அல்ல. அழைப்பிதழை அப்படியே பத்தியாக மாற்றி, மேலே "பத்திரிகைச் செய்தி" என்று போட்டிருப்பார்கள். எழுதியவருக்கு அது தெரியாது. "அனுப்பினோம், வரவில்லை" என்பதோடு நின்றுவிடுவார்.

கீழே உள்ளவை அறிகுறிகள். உங்களுக்கு எது நேர்ந்ததோ அங்கிருந்து தொடங்குங்கள். உதாரணத்துக்கு, ஒரு சேவைச் சங்கம் அனுப்பிய கண் முகாம் வரைவையே கடைசிவரை எடுத்துக்கொள்கிறேன். சங்கத்தின் பெயரை எடுத்துவிட்டேன். ஊர், தேதி, இடம் எல்லாம் மாற்றப்பட்டவை.

அறிகுறி: "ஓபன் ஆகலை சார்" என்று நிருபர் போன் செய்கிறார்

வரைவில் கைவைக்கும் முன் இதைப் பாருங்கள். இங்கே குறை எழுத்துருவில். டிடிபி சென்டரில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை வேறு கணினியில் திறந்தால், "அம்மா" என்பது `mk;kh` என்று தெரியும். அதை உட்கார்ந்து மாற்ற, செய்திகளைத் திருத்தும் டெஸ்கில் யாருக்கும் நேரமில்லை. லெட்டர்பேடில் அச்சடித்து, போனில் படமெடுத்து அனுப்புவதும் இதே வகைதான். அதைப் பார்க்கலாம், காப்பி செய்ய முடியாது.

யூனிகோடில் அடித்து, மெயிலின் உள்ளேயே ஒட்டி அனுப்புங்கள். கோப்பாக இணைப்பது கூடுதலுக்கு மட்டும். அனுப்பும் முன் ஒரு தரம் வீட்டில் இருப்பவர் போனுக்கு அனுப்பி, அதில் ஒரு வரியைக் காப்பி செய்ய வருகிறதா என்று பார்த்தால் போதும்.

அறிகுறி: முழுதாகப் படித்துவிட்டும் "அதுசரி, என்ன விஷயம்?" என்று கேட்கிறார்கள்

முதல் பத்தி கெட்டிருக்கிறது. வரைவில் இருந்தது இது:

> எங்கள் சங்கத்தின் வெள்ளி விழா ஆண்டை முன்னிட்டு, சங்கத் தலைவர் அவர்கள் தலைமையிலும், செயலாளர் மற்றும் பொருளாளர் அவர்கள் முன்னிலையிலும், மாவட்டப் பார்வை இழப்புத் தடுப்புச் சங்கம் மற்றும் மதுரை தனியார் கண் மருத்துவமனையுடன் இணைந்து நடத்தும் மாபெரும் இலவச கண் சிகிச்சை முகாம் வருகின்ற ஞாயிற்றுக்கிழமை காலை நகராட்சிப் பள்ளி வளாகத்தில் வெகு விமரிசையாக நடைபெற உள்ளதால் பொதுமக்கள் திரளாக வந்து பயனடையுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

எண்ணிப் பாருங்கள். "முகாம்" என்ற சொல் 32-வதாக வருகிறது. அதற்கு முன்னால் வந்ததெல்லாம் யார் தலைமை, யார் முன்னிலை, யாரோடு இணைந்து என்பதுதான்.

எழுதியவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். ஒரு பெயரைப் பற்றிய அடைமொழி, விளக்கம் எல்லாம் அதற்கு முன்னால் வரிசை கட்டும். அதனால், "யார், என்ன, எப்போது, எங்கே, ஏன் என்ற ஐந்துக்கும் முதல் வாக்கியத்திலேயே பதில் வேண்டும்" என்ற ஆங்கிலப் பத்திரிகைப் பாடத்தை இங்கே அப்படியே செய்தால், கூட்ஸ் வண்டி மாதிரி ஒரு வாக்கியம்தான் கிடைக்கும். இன்ஜின் கடைசிப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். ஆங்கிலத்தில் எழுவாய்க்குப் பிறகு வினை உடனே வந்துவிடுகிறது, மிச்சத்தைப் பின்னால் தொங்கவிடலாம். நமக்கு அந்த வசதி இல்லை.

ஆகவே தமிழில் முதல் பத்தியை ஒரே வாக்கியமாக எழுத வேண்டாம். மூன்று அல்லது நான்கு குட்டி வாக்கியங்களாக உடையுங்கள். முதல் வாக்கியத்தில் இடம், நாள், நிகழ்ச்சி. அடுத்ததில் படிப்பவருக்கு அதில் என்ன கிடைக்கும். நடத்துவது யார் என்பது கடைசியாக வரட்டும்.

இரண்டாவது வாக்கியத்தில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். இந்த வரைவில் அதற்கான விஷயமே இல்லை. செயலாளருக்குப் போன் செய்தேன்.

"சார், எங்க அப்பாவுக்கு எழுபது வயசு. அவர் எதுக்கு இந்த முகாமுக்கு வரணும்?"

"கண்புரைன்னு தெரிஞ்சா அன்னிக்கே வண்டி வச்சு மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிடுவோம் சார். ஆபரேஷன், லென்ஸ், சாப்பாடு, திரும்பக் கொண்டுவந்து விடுறது எல்லாமே ஃப்ரீ."

"இது ஏன் குறிப்புல இல்லை?"

"அது எல்லாருக்கும் தெரியுமே சார்!"

அவருக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. வரைவு எழுதுகிறவர் வருடக்கணக்காக அந்த வேலையிலேயே இருப்பதால், செய்தியே அவர் கண்ணில் படாமல் போய்விடுகிறது. எனவே முதல் பத்தி அமையவில்லை என்றால் சொற்களை முன்பின் மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். சம்பந்தமில்லாத ஒருவரைக் கேள்வி கேட்கச் சொல்லி, வாயால் பதில் சொல்லுங்கள். அந்தப் பதில்தான் இரண்டாவது வாக்கியம்.

இப்படி மாறியது:

> தென்காசி நகராட்சிப் பள்ளியில் ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணி முதல் பகல் 1 மணி வரை இலவச கண் பரிசோதனை முகாம் நடைபெறுகிறது. கண்புரை கண்டறியப்படுவோர் அன்றே மதுரைக்கு அழைத்துச் செல்லப்படுவர். அங்கு அவர்களுக்கு இலவசமாக அறுவை சிகிச்சை செய்யப்படும்.

"மாபெரும்", "வெகு விமரிசையாக", "திரளாக" மூன்றும் போய்விட்டன. நீங்கள் எடுக்காவிட்டாலும் டெஸ்கில் எடுத்துவிடுவார்கள், ஆனால் அதற்குள் அவர்களுக்குச் சலிப்பு வந்திருக்கும். "கண் சிகிச்சை முகாம்" என்பதையும் "கண் பரிசோதனை முகாம்" என்று மாற்றினேன். பள்ளியில் நடப்பது பரிசோதனை, சிகிச்சை நடப்பது மதுரையில். பள்ளிக்கூடத்திலேயே ஆபரேஷன் செய்வார்கள் என்று நினைத்து ஒருவர் வராமல் போகலாம்.

சரி, தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்களை என்ன செய்வது? எடுத்துவிட்டால் அடுத்த கூட்டத்தில் உங்களை எடுத்துவிடுவார்கள். கடைசிப் பத்தியில் ஓரிரு வாக்கியமாகப் போடுங்கள். இடம் போதவில்லை என்றால் டெஸ்கில் அடியிலிருந்துதான் வெட்டுவார்கள், அப்போது முதலில் போவது அந்தப் பத்தி. தலைவர் பெயர் வந்தே ஆக வேண்டும் என்றால், அதற்கு நல்ல இடம் புகைப்படக் குறிப்பு. நிகழ்ச்சி முடிந்ததும் படத்தோடு "இடமிருந்து" என்று தொடங்கிப் பெயர்களை வரிசையாக எழுதி அனுப்புங்கள். படம் வந்தால் பெயரும் வரும்.

அறிகுறி: செய்தி வந்தது, ஆனால் ஆட்கள் தவறான நாளில் வந்தார்கள்

இதில் நானே பட்டிருக்கிறேன். டெஸ்கில் இருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை மாலை வந்த குறிப்பில் "நாளை மறுநாள் நடைபெறுகிறது" என்று இருந்தது. அதாவது ஞாயிறு. பக்கத்தில் இடமில்லாமல் அது ஒரு நாள் தள்ளி, ஞாயிறு காலைப் பதிப்பில் வந்தது. சொல்லை மாற்ற நான் மறந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை சிலர் ரத்ததான முகாமைத் தேடி ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போய், வேறு யாருடைய வளைகாப்பையோ பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

செய்திக்குறிப்பில் "இன்று", "நாளை", "வருகின்ற ஞாயிறு" எதுவும் கூடாது. தேதியும் கிழமையும் சேர்ந்து வர வேண்டும். இரண்டையும் எழுதினால் ஒன்றை ஒன்று சரிபார்க்கும். ஜூன் 15, திங்கள் என்று நீங்கள் தவறாகப் போட்டிருந்தால், காலண்டரைப் பார்க்கும் துணை ஆசிரியர் உங்களுக்குப் போன் செய்வார். தேதி மட்டும் இருந்தால் தப்பு தப்பாகவே அச்சேறும்.

டேட்லைன் என்கிற ஊர்-தேதி வரி வேறு, நிகழ்ச்சி நாள் வேறு. "தென்காசி, ஜூன் 11:" என்பதில் உள்ள தேதி, குறிப்பு வெளியிடப்பட்ட நாள். முகாம் 15-ஆம் தேதி. பலர் டேட்லைனிலும் 15 என்றே போட்டுவிடுகிறார்கள். அப்புறம் முகாம் முடிந்துவிட்டதா, நடக்கப்போகிறதா என்ற குழப்பம் வருகிறது.

ஊரின் பெயரையும் யோசித்துப் போடுங்கள். மருத்துவமனை மதுரையில் இருக்கிறது, குறிப்பை அடித்தவர் சென்னையில் இருக்கிறார் என்பதற்காக அந்த ஊர்களைப் போடக் கூடாது. செய்தி எந்த ஊர் மக்களுக்கானதோ அந்த ஊர். தமிழ் நாளிதழ்கள் பல ஊர்களிலிருந்து தனித்தனிப் பதிப்பாக அச்சாகின்றன. தென்காசிச் செய்தி திருநெல்வேலிப் பதிப்புக்குப் போக வேண்டியது. "மதுரை, ஜூன் 11:" என்று தொடங்கினால் அது மதுரைப் பக்கக்காரரிடம் போய், அவர் "நம்ம ஊர் இல்லை" என்று ஒதுக்கிவிட வாய்ப்பு உண்டு.

அறிகுறி: மெயிலைத் திறக்கவே இல்லை

தலைப்பு சரியில்லை, அல்லது தலைப்பே இல்லை. இந்த வரைவின் தலைப்பு "பத்திரிகைச் செய்தி". மெயிலின் சப்ஜெக்டும் அதுவே. டெஸ்க் மெயிலில் ஒரு நாளில் வரும் பாதி மெயிலுக்கு அதுதான் பெயர்.

தலைப்பை முதலில் எழுத முயலாதீர்கள். முதல் பத்தி அமைந்த பிறகு அதன் முதல் வாக்கியத்திலிருந்து வினை, நேரம், கிழமை, பள்ளி ஆகியவற்றைக் கழித்தால் தலைப்பு கிடைக்கும்: "தென்காசியில் ஜூன் 15-ல் இலவச கண் பரிசோதனை முகாம்". ஆறு, ஏழு சொற்களுக்குள் நிற்கட்டும். சங்கத்தின் பெயர் தலைப்பில் வேண்டாம். ஊருக்கே தெரிந்த பெரிய அமைப்பு என்றால் மட்டும் விதிவிலக்கு. இதே வரியை மெயில் சப்ஜெக்டிலும் போடுங்கள்.

அறிகுறி: செய்தி வந்தது, தலைவர் சொன்னது மட்டும் வரவில்லை

வரைவில் தலைவர் சொன்னதாக இருந்தது: "கால் நூற்றாண்டாகச் சமுதாயப் பணியில் எங்களை அர்ப்பணித்து வருவதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம்." இதை எந்தச் சங்கத்தின் எந்தத் தலைவர் வாயிலும் வைக்கலாம். அதனால்தான் வெட்டப்பட்டது.

மேற்கோளில் வேறு இடத்தில் இல்லாத ஒரு தகவலோ, எச்சரிக்கையோ, சொந்தக் கருத்தோ இருக்க வேண்டும். அதே போன் பேச்சில் செயலாளர் போகிற போக்கில் ஒன்று சொன்னார்: போன முகாமில் சிலர் சர்க்கரைக்குச் சாப்பிடும் மாத்திரைச் சீட்டு இல்லாமல் வந்ததால், அன்றே ஆபரேஷனுக்கு அனுப்ப முடியாமல் போயிற்று. இதோ மேற்கோள். நேரில் கண்டவர் சொல்கிறார், படிப்பவருக்கும் உடனே உதவுகிறது.

பேச்சுமொழியை அப்படியே போட வேண்டியதில்லை. இலக்கணத்தை லேசாகச் சீர்செய்தால் போதும். ஆனால் "அறுவை சிகிச்சைக்குட்படுத்தப்பட இயலாத சூழ்நிலை ஏற்பட்டது" என்று இறுக்கினால் மனிதக் குரல் போய்விடும். யார் பேசுகிறார் என்பதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். நீண்ட மேற்கோளை முழுதாக எழுதிவிட்டுக் கடைசியில் "என்றார்" போட்டால், பேசுவது யார் என்று தெரிய வாசகர் பத்தியின் அடிவரை போக வேண்டியிருக்கும். "சங்கச் செயலாளர் கூறியதாவது:" என்ற பழைய முறை இதனால்தான் இன்னும் நிலைத்திருக்கிறது. அதை இரண்டு, மூன்று வாக்கியத்தோடு நிறுத்துங்கள். சிலர் கூறியதாவது என்று திறந்து, நேரம், இடம், சங்க வரலாறு எல்லாவற்றையும் அதற்குள்ளே கொட்டிவிடுகிறார்கள். அப்புறம் எது செய்தி, எது அவர் சொன்னது என்று பிரிக்க முடியாது.

திருத்திய மேற்கோளைச் சொன்னவரிடம் படித்துக் காட்டி, சரி என்று வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாத ஒன்றை எழுதி, பிறகு கையெழுத்து வாங்குவது எல்லா இடத்திலும் நடக்கிறதுதான். நிருபர் கூடுதலாக ஒரு கேள்வி கேட்கப் போன் செய்யும்போது அது வெளிப்பட்டுவிடும். கண்புரை எதனால் வருகிறது, எப்போது ஆபரேஷன் தேவை என்பன போன்ற மருத்துவ விஷயங்களைத் தலைவர் வாயில் வைக்காதீர்கள். அதை மருத்துவரே சொல்ல வேண்டும். அவர் கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடலாம்.

அறிகுறி: முகாமை விட்டுவிட்டுச் சங்க வரலாற்றை அச்சிட்டிருக்கிறார்கள்

சங்கத்தைப் பற்றிய குறிப்பு செய்திக்குள் கலந்துவிட்டது. ஆங்கிலத்தில் பாய்லர்பிளேட் என்பார்கள். எல்லாக் குறிப்பிலும் மாறாமல் அடியில் வரும் மூன்று, நான்கு வரி. அதை "சங்கம் பற்றி" என்ற சிறு தலைப்பின் கீழ், செய்தி முடிந்த பிறகு போடுங்கள். செய்தி முடிகிற இடத்தில் தனி வரியில் `###` என்று போடுவது வழக்கம். இதற்குக் கீழே உள்ளது அச்சுக்கு அல்ல என்பதற்கு அதுவே அடையாளம்.

தொடங்கிய ஆண்டு, செய்கிற வேலை, பரப்பு, இவ்வளவுதான். விருதுப் பட்டியல் வேண்டாம். மாறாத வரி என்பதால் யாரும் திரும்பப் படிப்பதில்லை, அதுதான் இதில் ஆபத்து. இந்தச் சங்கத்தின் குறிப்பில் இன்னும் "திருநெல்வேலி மாவட்டம் தென்காசி" என்று இருந்தது. தென்காசி தனி மாவட்டமான 2019 நவம்பரிலிருந்து எத்தனை முகாம் நடத்தியிருப்பார்கள்! வருடத்துக்கு ஒருமுறையாவது இதை எடுத்துப் படியுங்கள்.

அறிகுறி: விடியற்காலையிலிருந்து செயலாளருக்குப் போன் வந்துகொண்டே இருக்கிறது

நிருபருக்காகக் கொடுத்த எண் அச்சில் வந்துவிட்டது. வரைவில் அடியில் ஒரே ஒரு எண், "தொடர்புக்கு" என்று மட்டும் இருந்தது. டெஸ்கில் அதை வாசகருக்கானது என்று எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

இரண்டாகப் பிரியுங்கள். முன்பதிவுக்கும் விவரத்துக்கும் பொதுமக்கள் அழைக்க வேண்டிய எண் செய்தியின் உடலுக்குள், `###`-க்கு மேலே. நிருபர் அழைக்க வேண்டிய நபரின் பெயர், பொறுப்பு, கைபேசி எண், மெயில் எல்லாம் அதற்குக் கீழே, "செய்தியாளர் தொடர்புக்கு மட்டும் - அச்சிட வேண்டாம்" என்று எழுதி. அந்த நபர் அன்று மாலை போனை எடுக்கிறவராக இருக்க வேண்டும். மரியாதைக்காகத் தலைவர் எண்ணைக் கொடுத்து, அவர் கல்யாண வீட்டில் இருந்தால், பக்கம் முடியும் நேரத்தில் ஒரு சந்தேகத்தைத் தீர்க்க ஆள் இல்லாமல் செய்தி நின்றுவிடும்.

அரசுச் செய்தி வெளியீட்டின் அடியில் "வெளியீடு: இயக்குநர், செய்தி மக்கள் தொடர்புத்துறை, சென்னை-9" என்று இருக்கும். அதைப் பார்த்துச் சில சங்கங்களும் "வெளியீடு: தலைவர்" என்று மட்டும் போடுகின்றன. அரசுத் துறைக்கு எப்படிப் பேசுவது என்று நிருபருக்குத் தெரியும். உங்களை அவருக்குத் தெரியாது, எண் வேண்டும்.

எல்லாம் சேர்ந்து கடைசியாகப் போனது இது:

> தென்காசியில் ஜூன் 15-ல் இலவச கண் பரிசோதனை முகாம்
>
> தென்காசி, ஜூன் 11: தென்காசி நகராட்சிப் பள்ளியில் ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணி முதல் பகல் 1 மணி வரை இலவச கண் பரிசோதனை முகாம் நடைபெறுகிறது. கண்புரை கண்டறியப்படுவோர் அன்றே மதுரைக்கு அழைத்துச் செல்லப்படுவர். அங்கு அவர்களுக்கு இலவசமாக அறுவை சிகிச்சை செய்யப்படும். முகாமை (சங்கத்தின் பெயர்), மாவட்டப் பார்வை இழப்புத் தடுப்புச் சங்கம், (மருத்துவமனையின் பெயர்) ஆகியவை இணைந்து நடத்துகின்றன.
>
> லென்ஸ், உணவு, போக்குவரத்து அனைத்தும் இலவசம். வருவோர் ஆதார் அட்டை நகல் கொண்டுவர வேண்டும்.
>
> சங்கச் செயலாளர் (பெயர்) கூறியதாவது: "சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருந்துச் சீட்டைக் கட்டாயம் கொண்டுவாருங்கள். போன முகாமில் சீட்டு இல்லாமல் வந்த சிலரை அன்றே அறுவை சிகிச்சைக்கு அனுப்ப முடியவில்லை."
>
> விவரங்களுக்கு: (பொதுமக்களுக்கான எண்)
>
> சங்கத்தின் வெள்ளி விழா ஆண்டை ஒட்டி நடைபெறும் இம்முகாமுக்குத் தலைவர் (பெயர்) தலைமை வகிக்கிறார். பொருளாளர் (பெயர்) முன்னிலை வகிக்கிறார்.
>
> `###`
>
> சங்கம் பற்றி: (பெயர்) 2000-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. தென்காசி மாவட்டத்தில் கண் பரிசோதனை, ரத்ததான முகாம்களை நடத்திவருகிறது.
>
> செய்தியாளர் தொடர்புக்கு மட்டும் - அச்சிட வேண்டாம்: (பெயர், பொறுப்பு, கைபேசி, மெயில்)

பொதுமக்களுக்கான எண்ணைத் தலைவர் பத்திக்கு மேலே வைத்திருக்கிறேன். அடியிலிருந்து வெட்டும்போது தலைவர் போனாலும் எண் தங்கும். இதைத் தலைவரிடம் சொல்ல வேண்டாம்.